விடுப்புக் கடிதத்தில் எவ்வளவு சொல்ல வேண்டும்?

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விடுப்பு விண்ணப்பம் எழுதத் தெரியும். அனுப்புநர், பெறுநர், பொருள், கடும் காய்ச்சல், இரண்டு நாள், இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள மாணவன். அந்த விண்ணப்பத்தை வருடா வருடம் கற்பித்துத் திருத்தி மதிப்பெண் போட்ட ஆசிரியருக்கே பெரிய நோய் வந்து, ஆறு மாதம் பள்ளியை விட்டு விலகியிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது பேனா தடுமாறுகிறது. சிலர் ‘உடல்நிலை சரியில்லை, விடுப்பு வேண்டும்’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். சிலர் நோய் வந்த விதம், வீட்டுக் கடன், மகளின் கல்லூரிக் கட்டணம், இருபது வருட உழைப்பு என்று மூன்று பக்கம் எழுதிவிடுகிறார்கள். இரண்டு கடிதமும் அலுவலகத்திலிருந்து திரும்பி வரும்.

காரணம் எளிது. அனுமதிக்கும் அதிகாரி விடுப்பு விதிகளின்படி ஓர் உத்தரவு போட வேண்டும். அதற்கு அவருக்குத் தேவைப்படுவது எந்த வகை விடுப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஆதாரம் என்ன என்ற மூன்றுதான். இரண்டு வரிக் கடிதத்தில் இவை இல்லை. மூன்று பக்கக் கடிதத்தில் தேட வேண்டியிருக்கிறது. உருக்கமாக எழுதினால் அனுமதி விரைவாகக் கிடைக்கும் என்பது பலருடைய நம்பிக்கை. என்னைக் கேட்டால், உருக்கம் கோப்பில் ஒரு வரியைக்கூட நகர்த்துவதில்லை. சான்று சரியாக இருந்தால் கடிதம் கெஞ்ச வேண்டிய தேவையே இல்லை. கடிதம் சுருங்கிக் கண்ணியமாக நிற்பதற்குக் காரணம் அதன் பின்னால் இருக்கும் தாள்கள்தான்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். பணியில் சேர்ந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. 2025 மே மாதக் கோடை விடுமுறையில் மார்பில் கட்டி இருப்பது தெரிந்து, பயாப்ஸி செய்து, புற்றுநோய் என்று உறுதியாகிறது. ஜூன் 16 அன்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கிறார்கள். அவர் எழுத வேண்டிய கடிதத்தைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் அவர் பார்க்க வேண்டியது தன் பணிப்பதிவேட்டை. ஆசிரியர்கள் எஸ்.ஆர். என்று சொல்லும் அந்தப் பதிவேட்டில் விடுப்புக் கணக்கு இருக்கும். தமிழ்நாடு விடுப்பு விதிகள் 1933 என்பதே இன்றும் நடைமுறையில் இருக்கும் விதித்தொகுப்பு. அதன்படி நீண்ட நோய்க்கு எடுப்பது ‘மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு’. பேச்சில் எம்.எல். என்பார்கள். இது ஆண்டுதோறும் சேரும் விடுப்பு அல்ல. பணிக்காலம் கூடக் கூட மொத்த வரம்பு படிப்படியாக உயரும். பணிக்காலம் 10 ஆண்டைத் தாண்டினால் 270 நாள், 15 ஆண்டைத் தாண்டினால் 360 நாள், 20 ஆண்டைத் தாண்டினால் 540 நாள் என்பது மொத்தப் பணிக்காலத்துக்கான வரம்பு. நம் ஆசிரியைக்கு 360 நாள். சில ஆண்டுகளுக்கு முன் கால் எலும்பு முறிந்தபோது 45 நாள் எடுத்திருக்கிறார். ஆக மிச்சம் 315.

அவருக்கு ஈட்டிய விடுப்பும் கொஞ்சம் இருப்பில் உண்டு. அதிலிருந்து எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஈட்டிய விடுப்பை ஓய்வு பெறும்போது 240 நாள் வரை பணமாக்கிக்கொள்ளலாம். மருத்துவ விடுப்பை அப்படிப் பணமாக்க முடியாது. நோய்க்கென்றே இருக்கும் விடுப்பு கையில் 315 நாள் இருக்கும்போது, கடைசிக் காலத்துக்கான சேமிப்பை ஏன் தொட வேண்டும்? எனவே எந்த விடுப்பு என்பதைக் கடிதத்தின் ‘பொருள்’ வரியிலேயே பெயர் சொல்லி எழுத வேண்டும். வெறுமனே ‘விடுப்பு’ என்று எழுதினால், “டீச்சர், எந்த லீவுன்னே எழுதலையே” என்று அலுவலகத்திலிருந்து போன் வரும். அந்த நேரத்தில் அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருப்பார்.

அடுத்தது எத்தனை நாள் என்ற கேள்வி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘பூரண குணமடையும் வரை’ என்று எழுதுவது இயல்பாகத் தோன்றும். அப்படி முடிவுத் தேதி இல்லாத விடுப்பை யாரும் அனுமதிக்க முடியாது. முழுச் சிகிச்சைக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கேட்பதும் சரிவராது, ஏனென்றால் அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவருக்கே முழுக் கணக்கு தெரியாது. எடுத்த கட்டியையும் அக்குள் நெறிகளையும் ஆய்வகத்தில் சோதித்த முடிவு வந்த பிறகுதான் கீமோ தேவையா, எத்தனை முறை, ரேடியேஷன் வேண்டுமா என்பதெல்லாம் உறுதியாகும்.

ஆனாலும் தோராயமான வரைபடம் ஒன்றை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நம் ஆசிரியைக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 16 அறுவை. புண் ஆற நான்கு வாரம். ஜூலை 14 முதல் 21 நாளுக்கு ஒருமுறை ஆறு தவணை கீமோ. ஆறாவது தவணை அக்டோபர் 27 அன்று வரும். அதன் பிறகு மூன்று வாரம் இடைவெளி விட்டு, நவம்பர் 17 முதல் டிசம்பர் 5 வரை, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 15 தவணை ரேடியேஷன். பிறகு ஒரு வாரம் ஓய்வு. ஜூன் 16 முதல் டிசம்பர் 12 வரை எண்ணினால் மொத்தம் 180 நாள். இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளும் பண்டிகை நாள்களும் இந்தக் கணக்கில் அடங்கும். விடுப்புக்கு நடுவில் வரும் விடுமுறை நாள் விடுப்பு நாள்தான்.

இந்த 180 நாளை அவர் மூன்று துண்டாகக் கேட்கிறார். முதலில் ஆகஸ்ட் 14 வரை 60 நாள். ஆய்வக முடிவு கைக்கு வந்து கீமோ தொடங்கிய பின், நவம்பர் 12 வரை 90 நாள் நீட்டிப்பு. ரேடியேஷனுக்கு நாள் குறித்ததும் டிசம்பர் 12 வரை 30 நாள் நீட்டிப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சான்று. ஒவ்வொரு நீட்டிப்புக் கடிதமும் முந்தைய விடுப்பு முடிவதற்கு முன்பே அலுவலகம் போய்ச் சேர வேண்டும். இரண்டாவது கடிதம் ஆகஸ்ட் 15 என்று தொடங்க வேண்டும், 18 என்று அல்ல. சுதந்திர தினமும் சனி ஞாயிறும் எப்படியும் விடுமுறைதானே என்று விட்டுவிட்டால் நடுவில் ஒரு இடைவெளி விழும். அந்த மூன்று நாள் என்ன கணக்கு என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். விடுப்பு முடிந்தும் பணிக்கு வராமல், நீட்டிப்பும் கேட்காமல் இருக்கும் நாள்களுக்கு விடுப்பு ஊதியம் கிடையாது. வேண்டுமென்றே வராமல் இருந்ததாகக் கருதப்பட்டால் அது ஒழுங்கு நடவடிக்கைக்கும் இடம் கொடுக்கும். இதை அடிப்படை விதிகளே சொல்கின்றன.

இன்னொரு சறுக்கலும் உண்டு. மருத்துவமனையில் சேரும் நாள் வரை இரண்டு மூன்று நாள் தற்செயல் விடுப்பு போட்டுவிட்டு, அப்படியே தொடர்ந்து மருத்துவ விடுப்பில் போய்விடலாம் என்று நினைப்பது. சி.எல். எனப்படும் தற்செயல் விடுப்பை மற்ற விடுப்புகளோடு ஒட்ட முடியாது. நம் ஆசிரியை ஜூன் 13 வெள்ளிக்கிழமை மாலை வரை வகுப்பெடுத்துவிட்டு, திங்களன்று விடுப்பைத் தொடங்குகிறார். நடுவில் வரும் இரண்டாம் சனிக்கிழமையையும் ஞாயிற்றையும் விடுப்பின் முன்னால் இணைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறார்.

இனி சான்று. மருத்துவச் சான்றின் வாசகம் விதியிலேயே உண்டு, மருத்துவர் தன் விருப்பத்துக்கு எழுதுவது அல்ல. மேலே கையொப்பமிட்டுள்ள இன்னார், இன்ன நோயால் அவதிப்படுகிறார், உடல்நலம் திரும்ப இன்ன தேதியிலிருந்து இத்தனை நாள் பணியிலிருந்து விலகியிருப்பது அவசியம் என்று நேரில் பரிசோதித்துச் சான்றளிக்கிறேன் என்பது அதன் சாரம். ‘மேலே கையொப்பமிட்டுள்ள’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நோயாளி மருத்துவர் முன்னிலையில் அந்தத் தாளின் மேற்பகுதியில் கையெழுத்திட வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் சான்று திரும்பி வரும். ஆகவே மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே சான்றைப் பெற்றுவிடுவது நல்லது. அறுவை முடிந்து கையைத் தூக்க முடியாமல் படுத்திருக்கும்போது, கணவரோ மகனோ அந்தத் தாளுடன் ஊருக்கும் மருத்துவமனைக்கும் அலைய வேண்டியிருக்காது.

சான்றில் மருத்துவரின் பதிவு எண், முத்திரை, கையெழுத்திட்ட தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். சான்று சொல்லும் நாள்களும் கடிதம் கேட்கும் நாள்களும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மருத்துவர் 45 நாள் எழுதிக் கொடுத்திருக்க, கடிதத்தில் 60 நாள் கேட்டால் மிச்சம் 15 நாளுக்கு ஆதாரம் இல்லை.

பெயரும் பொருந்த வேண்டும். நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. பணிப்பதிவேட்டில் அப்பாவின் தலைப்பெழுத்து இருக்கும். மருத்துவமனை அட்டையில் கணவரின் தலைப்பெழுத்து ஏறியிருக்கும். கோப்பைப் பார்ப்பவருக்கு இவை இரண்டு வேறு ஆள்கள். மருத்துவமனையில் முதல் நாள் பதிவு செய்யும்போதே எஸ்.ஆரில் உள்ளபடி பெயரைச் சொல்லிவிட்டால் பின்னால் வரும் எல்லாத் தாளிலும் அதே பெயர் இருக்கும்.

இத்தனையும் இருந்தாலும் விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்பது விதி. மருத்துவர் பரிந்துரைக்கிறார், அதிகாரி அனுமதிக்கிறார். சந்தேகம் இருந்தால் மருத்துவக் குழுமத்தின் முன் ஆஜராகச் சொல்லி இரண்டாவது கருத்துக் கேட்கவும் அதிகாரிக்கு இடம் உண்டு. நீண்ட விடுப்புகளில் இது நடக்கக்கூடியதுதான். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியும் சிகிச்சைத் திட்டமும் கையில் இருந்தால் அங்கே அதிகம் பேச வேண்டியிருக்காது.

நோயின் பெயரைக் கடிதத்தில் எழுத வேண்டுமா? எழுத வேண்டியதில்லை என்பதே என் கருத்து. சான்றில் அதற்கென்று இடம் இருக்கிறது, மருத்துவர் அங்கே எழுதிவிடுவார். கடிதமோ தலைமையாசிரியர் மேசையிலிருந்து அலுவலக உதவியாளர், இளநிலை உதவியாளர் என்று பல கை மாறிப் போகும். மாலைக்குள் ஆசிரியர் அறை முழுக்கத் தெரிந்துவிடும். மறுநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். நோயை மறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. யாரிடம், எப்போது சொல்வது என்பதை அந்த ஆசிரியைதான் தீர்மானிக்க வேண்டும், ஒரு தபால் தீர்மானிக்கக் கூடாது. சான்றை மூடிய உறையில் வைத்து ‘தலைமையாசிரியரின் தனிப்பார்வைக்கு’ என்று மேலே எழுதிக் கொடுக்கலாம். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக ஏறப்போவது எம்.எல். என்ற இரண்டு எழுத்துத்தான்.

அதேபோல் மருத்துவக் கோப்பு முழுவதையும் நகலெடுத்து இணைக்க வேண்டாம். பயாப்ஸி முடிவு, ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் மருத்துவருக்கும் காப்பீட்டுக்கும் வேண்டியவை. காப்பீட்டுக் கோரிக்கை தனி வழியில் போகும் தனிக் கோப்பு. அதை விடுப்புக் கடிதத்தோடு கலந்தால் இரண்டும் தாமதமாகும்.

இவ்வளவையும் மனதில் வைத்து அவர் எழுதும் கடிதம் இதுதான்:

அனுப்புநர்:
(பெயர், பணிப்பதிவேட்டில் உள்ளபடி)
பட்டதாரி ஆசிரியர் (கணிதம்)
அரசு உயர்நிலைப் பள்ளி, (ஊர்)

பெறுநர்:
தலைமையாசிரியர் அவர்கள்
அரசு உயர்நிலைப் பள்ளி, (ஊர்)

பொருள்: மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு – 16.06.2025 முதல் 14.08.2025 வரை 60 நாள்கள் – அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 16.06.2025 அன்று அறுவைச் சிகிச்சை செய்ய மருத்துவர்கள் நாள் குறித்துள்ளனர். அதைத் தொடர்ந்து மருந்துச் சிகிச்சையும் தேவைப்படும் எனத் தெரிவித்துள்ளனர். எனவே 16.06.2025 முதல் 14.08.2025 வரை 60 நாள்களுக்கு மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 14.06.2025, 15.06.2025 ஆகிய விடுமுறை நாள்களை விடுப்பின் முன் இணைத்துக்கொள்ளவும் அனுமதி வேண்டுகிறேன்.

சிகிச்சை இக்காலத்துக்குப் பின்னும் தொடரக்கூடும். அவ்வாறாயின் உரிய சான்றுடன் நீட்டிப்பு விண்ணப்பத்தை முன்கூட்டியே அளிப்பேன்.

9, 10ஆம் வகுப்புகளின் பாடக்குறிப்பேடு, மதிப்பெண் பதிவேடு, கணித ஆய்வகச் சாவி ஆகியவற்றை 13.06.2025 அன்று ஒப்படைத்துள்ளேன்.

விடுப்புக் கால முகவரியும் தொலைபேசி எண்ணும்: …………

இணைப்பு: 1. விடுப்பு விண்ணப்பப் படிவம். 2. மருத்துவச் சான்று, அசல் (தனி உறையில்). 3. மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்பு, நகல்.

இடம், நாள்
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. ‘கருணை கூர்ந்து’ இல்லை, ‘தாழ்மையுடன் பணிந்து’ இல்லை. ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்பதே போதுமான மரியாதை. கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பாடக்குறிப்பேடும் சாவியும் வரும் வரி. தலைமையாசிரியரின் உண்மையான கவலை பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை யார் எடுப்பது என்பதுதான். எது எங்கே இருக்கிறது என்று அந்த வரி சொல்லிவிடுகிறது. ‘பிள்ளைகளின் நலன் கருதி வருந்துகிறேன்’ என்று நாலு வரி எழுதுவதைவிட அது பெரிது.

இந்தக் கடிதம் தலைமையாசிரியருக்கு எழுதப்பட்டது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்றால் பெறுநர் இடத்தில் வட்டாரக் கல்வி அலுவலரை எழுதி, ‘வழி: தலைமையாசிரியர்’ என்று சேர்க்க வேண்டும். இப்போது விடுப்பு விண்ணப்பம் களஞ்சியம் செயலி வழியாகவும் போகிறது. செயலியில் ஏற்றுவதற்குச் சான்றை நிழல் விழாமல், நான்கு ஓரமும் தெரிய, முத்திரை படிக்கும்படி ஸ்கேன் செய்ய வேண்டும். செயலியில் போட்டாயிற்று என்று அசல் சான்றைத் தொலைத்துவிடக் கூடாது. தாளில் கொடுக்கும்போது இரண்டாவது பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்வது பழைய பழக்கம்தான். இன்றும் அது உதவுகிறது.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த 360 நாள் கணக்கெல்லாம் இல்லை. நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஆனால் சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் ஒரு வழி உண்டு. சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். புற்றுநோய் போன்ற நீண்ட கால நோய்களுக்கு, தகுதிக் காலம் நிறைவாகியிருந்தால், 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை நீளும். அதற்கு ஈஎஸ்ஐ மருத்துவரின் சான்று வேண்டும். வெளி மருத்துவமனைச் சீட்டு மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் போய்க் கேட்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பள்ளிக்குக் கொடுக்கும் கடிதம் என்னவோ மேலே உள்ளது போன்றதே. ‘விடுப்பின் வகை’ என்ற இடத்தில் ‘மருத்துவ விடுப்பு’ என்று எழுதி, ஈஎஸ்ஐ சான்றை இணைத்தால் போதும்.

நம் ஆசிரியை டிசம்பர் 15 திங்கட்கிழமை பணியில் சேர வேண்டும். அன்று காலை நேராக வகுப்புக்குப் போய்விட முடியாது. மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பில் போனவர், பணி செய்யும் உடல்தகுதி உண்டு என்ற சான்று இல்லாமல் திரும்ப முடியாது. அந்தத் தகுதிச் சான்றின் வாசகத்தில், விடுப்பு அனுமதிக்கப்பட்ட முந்தைய மருத்துவச் சான்றுகளைப் பார்த்தே இந்த முடிவுக்கு வந்தேன் என்று மருத்துவர் எழுத வேண்டியிருக்கும். எனவே மூன்று சான்றுகளின் நகல்களையும் கோப்பில் பத்திரமாக வைத்திருந்து, டிசம்பர் 12 அன்று மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டுபோக வேண்டும். சேர்ந்த பிறகு ஒரு நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து பணிப்பதிவேட்டைத் திறந்து பார்ப்பதும் அவசியம். மூன்று துண்டும் ஒரே தொடர்ச்சியாக, மருத்துவ விடுப்பு என்ற தலைப்பில் பதிவாகியிருக்க வேண்டும். 315இல் 180 போக மிச்சம் 135 என்று எழுதியிருக்க வேண்டும். ஈட்டிய விடுப்பில் ஒரு நாள்கூடக் குறைந்திருக்கக் கூடாது. குறைந்திருந்தால் அன்றே திருத்தம் கேட்டு இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.